படிக்கட்டில் போன இரண்டு மணி நேரம்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மணிக்கூண்டு டீச்சர் என்று பெயர். பிள்ளைகள் வைத்தது. முப்பத்திரண்டு வகுப்புகளுக்கும் கால அட்டவணை போடுகிறவள் அவள்தான். எந்த வாத்தியார் எந்த மணிக்கு எந்த அறையில் இருப்பார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறை போகிற சுற்றுலாவுக்கும் அவள்தான் திட்டம். பதினோரு வருஷமாக அந்தப் பொறுப்பை யாரும் அவளிடமிருந்து கேட்டதில்லை. அவளும் கொடுத்ததில்லை.

போய் வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலைப் பலகாரம் முடிந்ததும், எல்லோரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். அலுப்பு தீர்ந்திருக்கும், ஞாபகம் மங்கியிருக்காது. அதனால்தான் அந்த நாள். ஆளுக்கொரு சீட்டில் மூன்று வரி எழுத வேண்டும்: மறுபடியும் வேண்டியது எது, வேண்டவே வேண்டாதது எது, மெதுவாகச் செய்திருக்க வேண்டியது எது. எழுதி முடிக்கும்வரை யாரும் போட்டோக்களைத் திறக்கக் கூடாது. படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அதைப் பார்த்தால் கால் வலித்தது மறந்துவிடும். சீட்டுகளை பிஸ்கட் டப்பாவில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து அவள் படிப்பாள். பிறகு நீலநிற நோட்டில் ஏறும். 'போய்ச் சேரும் நாளில் ஊர் சுற்றக் கூடாது', 'திரும்பி வந்த மறுநாள் வேலைக்குப் போகக் கூடாது' என்பதெல்லாம் அப்படிப் பட்டுத் தெரிந்து ஏறியவைதான்.

இந்த வருஷம் மேசையில் ஐந்து பேர். அவள், கணவன், பதினான்கு வயது மகள், கொழுந்தன், கொழுந்தனின் மனைவி.

கொழுந்தனின் மனைவி வீட்டுக்குச் சின்ன மருமகள், சின்னவள். கல்யாணமாகி வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. பேக்கரியில் வேலை. விடியுமுன்னே எழுந்து மாவு பிசைகிற கைகள், எப்போதும் கதகதப்பாக இருக்கும். அந்தக் கைகளைத்தான் டீச்சரின் மகள் விடாமல் பிடித்துக்கொண்டு திரிந்தாள், சுற்றுலாவின் ஐந்து நாளும். "சித்தி இங்க வாங்க, சித்தி இதப் பாருங்க." பெற்றவள் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

"ஆரம்பிக்கலாமா, அண்ணி? பரீட்சை பேப்பர் திருத்தற மாதிரி உட்கார்ந்திருக்கீங்க," என்றான் கொழுந்தன்.

முதல் சீட்டு கணவனுடையது. "மறுபடியும்: ரெண்டாம் நாள் ஆத்துப் படிக்கட்டு. வேண்டாம்: நடுவுல தங்குற இடம் மாத்துனது. மெதுவா: கோட்டை."

இரண்டாவது மகளுடையது. "மறுபடியும்: படிக்கட்டு! வேண்டாம்: மூணாம் நாள் மழை. மெதுவா: கோட்டை."

"மழை திட்டத்தோட தப்பு இல்ல. அத வேண்டாம்ல எழுதக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?" என்று அந்த வரியை அவள் அடித்தாள். அடித்த கோடு சீட்டைக் கிழித்தது.

மூன்றாவது கொழுந்தனுடையது. அதிலும் படிக்கட்டு.

அவளுக்கு வயிறு எரிந்தது. அந்தப் படிக்கட்டு அவளுடைய திட்டத்திலேயே இல்லை. கோட்டைக்கு நுழைவுச்சீட்டு வாங்க அவள் வரிசையில் நின்றாள். மற்றவர்களை நிழலாகப் பார்த்து ஆற்றுப் படியில் உட்கார வைத்துவிட்டுப் போனாள், அவ்வளவுதான். வரிசை நகர இரண்டு மணி நேரம் ஆனது. அவள் திரும்பி வரும்போது நால்வரும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை விட்டிருந்தார்கள். சின்னவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து வாய் திறந்து ஒரு பாட்டுப் பாடாத டீச்சரின் கணவன் பாடிக்கொண்டிருந்தான்! அவள் நுழைவுச்சீட்டுகளை ஆட்டி, "எழுந்திருங்க, நேரமாச்சு" என்றாள். பாட்டு நின்றது. அந்த நின்ற பாட்டுதான் இரண்டு வாரமாக அவள் காதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"அப்பறம் என்ன, அடுத்த வருஷத் திட்டத்த இவகிட்டயே விட்டுடலாம்போல," என்று கொழுந்தன் மனைவியைக் காட்டிச் சிரித்தான். கணவனும் சிரித்தான். மகள் கையே தட்டினாள்.

பதினோரு வருஷம். ஒரு சிரிப்பில் போய்விடுமா?

நான்காவது சீட்டை எடுத்தாள். உருண்டை உருண்டையான எழுத்து, சின்னவளுடையது. முதல் வரியில் படிக்கட்டு என்றுதான் இருந்தது. அவள் வாய் வேறு சொன்னது.

"மறுபடியும்: கோட்டை."

சொன்ன வேகத்தில் சீட்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மத்த ரெண்டு வரி என்னம்மா?" என்றாள் மகள்.

"எழுதல."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு மேசை விரிப்பின் நூலை இழுத்துக்கொண்டே, "ஆமா. எனக்கு என்ன எழுதறதுன்னு தெரியல," என்றாள்.

சின்னவள் கத்தியிருந்தால்கூட டீச்சர் தாங்கியிருப்பாள். இந்தப் பெருந்தன்மையைத் தாங்க முடியவில்லை. இதிலும் இவள்தான் உயர்த்தியா? "டீ போடறேன்," என்று எழுந்து சமையலறைக்குள் போனாள்.

அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கையை விரித்தாள். வியர்வையில் சீட்டு நமுத்திருந்தது.

'வேண்டாம்: அக்கா தனியா வரிசையில நிக்கிறது. மெதுவா: அக்கா வந்ததும் உடனே கிளம்பினது. அவங்களும் பத்து நிமிஷம் காலை நனைச்சிருக்கலாம். குதிகால்ல கொப்புளம் இருந்துச்சு.'

கொப்புளத்தை யாரிடமும் சொன்னதில்லை அவள். கணவன் பார்க்கவில்லை, பெற்ற மகள் பார்க்கவில்லை. யாரைக் கண்டு உள்ளுக்குள் வெந்தாளோ அவள் பார்த்திருக்கிறாள்! கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அது நன்றியா, இன்னும் கொஞ்சம் பொறாமையா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"டம்ளர் எடுத்துட்டுப் போகட்டா, அக்கா?" வாசலில் சின்னவள்.

"நான் மாத்திப் படிச்சேன்னு தெரியும்ல? ஏன் ஒத்துக்கிட்ட?"

"அத்தன பேருக்கு முன்னால சொல்ல மனசு வரல. ஆனா அக்கா, கோட்டைன்னு நோட்டுல எழுதிடாதீங்க. அடுத்த வருஷமும் ஓட வேண்டியிருக்கும். என்னால முடியாது."

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டீயோடு திரும்பி வந்தாள். "நாலாவது சீட்ட நான் தப்பாப் படிச்சேன். வேணும்னுதான் படிச்சேன்," என்று சொல்லிவிட்டு, மூன்று வரியையும் வாசித்தாள். கணவன் மெல்ல, "கொப்புளமா? சொல்லவே இல்லையே நீ," என்றான்.

"நீங்க பாடிட்டு இருந்தீங்க."

ஐந்தாவது சீட்டு அவளுடையது. எடுத்துப் பார்த்தாள். 'மறுபடியும்: கோட்டை. நேரத்துக்கு முடிந்தது.' மற்ற இரண்டு வரிகளும் காலி. கோட்டைக்குள் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். கைக்கடிகாரம்தான் நினைவுக்கு வந்தது. அந்தச் சீட்டை உரக்கப் படிக்காமல் கிழித்தாள்.

நீல நோட்டைத் திறந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். 'நுழைவுச்சீட்டு முன்பே பதிந்துவிட வேண்டும். முடியாத இடத்தில் அரை மணிக்கொருவர் மாற்றி வரிசையில் நிற்க வேண்டும். முதல் முறை கொழுந்தன்.'

"ஐயோ, அண்ணி!"

'தங்கும் இடம் ஒன்றே போதும். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அதுவும் காலையில்.' அதற்குக் கீழே, 'மதியம்' என்று மட்டும் எழுதி மூன்று வரி காலியாக விட்டாள். பதினோரு வருஷ நோட்டில் முதல் காலி இடம். பார்க்கப் பார்க்கக் கை துறுதுறுத்தது. பேனாவை மூடினாள்.

"இப்போ போட்டோ பாக்கலாமாம்மா?" என்று மகள் கேட்டாள், கேட்டுக்கொண்டே சித்தியின் தோளில் சாய்ந்தாள்.

உள்ளே அந்தப் பழைய முள் இன்னும் குத்தியது. ஒரு சீட்டில் போய்விடுகிற முள்ளா அது? அவள் நாற்காலியை நகர்த்தி மகளுக்கு மறுபக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

"பாக்கலாம். முதல்ல அந்தப் படிக்கட்டு போட்டோவக் காட்டு," என்றாள். "நான்தான் அங்க இல்லையே."