மனுவில் விழுந்த ‘நான்’

நாங்கள் குடியிருக்கும் காணிக்கு உறுதிப் பத்திரம் கேட்டு எழுதிய மனுவைக் கந்தோர் எழுதுவினைஞர் வாசித்துவிட்டு, அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுச் சிரித்தார்.

“நானா, இதுல எங்க மூச்சு விடுற? முறிச்சு எழுதிட்டு வாங்க.”

பக்கம் முழுக்க முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒரே வசனம்தான். “மன்னாரிலிருந்து வந்து, கொட்டில் போட்டு, கிணறு வெட்டி, தென்னை வைத்து, கல்வீடு கட்டி” என்று ஓடி, “இருந்து வருகிறோம்” என்று முடிந்திருந்தது.

அஸர் தொழுதபின் ஒவ்வொன்றாக முறித்தேன். நான் கொட்டில் போட்டேன். நான் கிணறு வெட்டினேன். நான் வீடு கட்டினேன். பெண்சாதிக்கு வாசித்துக் காட்டினேன்.

“அப்ப கிணத்து மண்ணச் சுமந்தது ஜின்னுகளா?” என்று கேட்டாள்.

பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். கடைசியில் நின்ற அந்த ‘வருகிறோம்’, எல்லா வேலையிலும் அவளையும் சேர்த்துப் பிடித்திருந்தது. முறித்த நானே அவளை வெளியே தள்ளிவிட்டேன். உறுதியும் என் பேரில் மட்டும் வந்திருக்கும். அல்லாஹ்வுக்கு என்ன பதில் சொல்வேன்?

எல்லா ‘நான்’களையும் வெட்டினேன். நாங்கள் கிணறு வெட்டினோம். வசனம் சின்னதாகவே நின்றது. ஒப்பமிட்டுப் பேனையை அவளிடம் நீட்டினேன்.

“என்ட எழுத்துக் கோணுமே.”

“கோணட்டும் புள்ள. பேர் இருக்கோணும்.”