ஸ்டோர் ரூமில் இருந்த கம்ப்யூட்டர்

அக்கா ஆடுவது துப்பாக்கி விளையாட்டு. ஒரு தீவில் நூறு பேர் இறங்குவார்கள், ஒருவரை ஒருவர் சுட்டுக் கொன்று கடைசியில் ஒருவர்தான் மிஞ்சுவார். சிங்கப்பூருக்கு இக்கரையில், ஸ்கூடாயில் ஒரு ஃபிளாட்டின் நாலாவது மாடி, ஹால் மூலையில் உட்கார்ந்து, "கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கியா, வாடா வெளிய" என்று கத்திக்கொண்டே அவள் ஆடுவதை லைவில் பார்க்க ஒரு கூட்டமே இருந்தது. பதினைந்து வயதில், படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்திவிட்டு ஃபேக்டரிக்குப் போனவள் அவள். அவள் போனதால்தான் எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் யுனிவர்சிட்டி வாசலை மிதித்தேன். அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

ஆரம்பத்தில் ஒரே கம்ப்யூட்டர்தான். லைவ் போட்டால் விளையாட்டு திக்கும். காரணம் சுலபம். திரையில் ஓடும் ஒவ்வொரு படத்தையும் சுருக்கிக் கட்டித்தான் இணையத்தில் அனுப்ப முடியும். அந்தச் சுருக்கும் வேலையே ஒரு கம்ப்யூட்டரின் மூச்சை வாங்கிவிடும். அதே நேரத்தில் விளையாட்டையும் அதுவே ஓட்ட வேண்டும். எதிராளி எதிரே நிற்கும்போது அவள் திரை உறைந்துபோகும், மறுபடி அசையும்போது அவள் செத்துக் கிடப்பாள். "அக்கா, மறுபடியும் லேக்கா லா?" என்று பார்ப்பவர்கள் கிண்டலடிப்பார்கள்.

என் பழைய காலேஜ் கம்ப்யூட்டரைக் கொண்டுபோனேன். அதற்குள் ஒரு கேப்சர் கார்டு செருகினேன். விளையாட்டுக் கம்ப்யூட்டரின் படமும் சத்தமும் ஒரே கேபிளில் அந்தக் கார்டுக்கு வரும். கார்டிலிருந்து இன்னொரு கேபிள் அப்படியே அக்காவின் மானிட்டருக்குப் போகும். அவள் கண்ணுக்குத் தாமதம் தெரியாது. சுருக்குவதும் அனுப்புவதும் பழைய கம்ப்யூட்டரின் பாடு. மைக்கையும் கேமராவையும் அதிலேயே மாட்டினேன். கார்டு வழியாக வரும் படம் இம்மி பிந்துகிறது என்பதால் மைக் சத்தத்தையும் அதே அளவு பிந்த வைத்தேன், அப்போதுதான் வாயும் பேச்சும் ஒட்டின.

பழைய கம்ப்யூட்டரின் ஃபேன் இரைச்சல் மைக்கில் விழுந்ததால், அதை ஹாலை ஒட்டிய ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்து, கேபிள்களைக் கதவிடுக்கு வழியாக இழுத்தேன். மின்சாரம் சமையலறைப் பிளக்கிலிருந்து. அதற்கென்று மானிட்டர்கூடக் கிடையாது, என் கைப்பேசியிலிருந்தே அதை இயக்குவேன்.

நான் தரையில் படுத்து வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். சிங்கப்பூரில் வேலை, தினமும் எல்லைப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியே முதுகு போனவர்.

"டிகிரி வாங்குனது இதுக்குத்தானா தம்பி?"

"சும்மா ஒரு ஹெல்ப்தான் மச்சான்."

"ஹெல்ப்பா? உங்க அக்கா ஊரு ஆம்பளைங்களோட வாடா போடான்னு சிரிக்கிறதுக்கு நீ லைன் போட்டுக் குடுக்குற."

அக்கா வயரின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள். அவள் கைமூட்டுக்கு மேலே பச்சை நிறத்தில் ஒரு தடம் இருந்தது. கேட்டேன். கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். கதவுக்கு விரல்கள் கிடையாது. நான் மறுபடி கேட்டேன், அவள் சோறு போடப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பக்கத்து ஊரான செனாயில், ஃபேக்டரியில் ஓவர்டைம். சாயங்கால பிரேக்கில் கேண்டீனில் உட்கார்ந்து அவள் லைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஐந்து பேரில் அவளும் ஒருத்தி. கீழ்மூலைச் சின்னக் கட்டத்தில் அவள் முகம், நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வாசல் கதவு திறந்தது.

மச்சான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக வந்து ஹெட்செட்டோடு சேர்த்து அவள் முடியைப் பிடித்து நாற்காலியிலிருந்து பின்னால் இழுத்தார். விளையாட்டில் அவள் ஆள் அசையாமல் நின்றான், யாரோ சுட்டார்கள். மச்சான் மேசைக்கடியில் கலர் விளக்கு எரியும் கம்ப்யூட்டரை உதைத்தார். அதன் பின்னாலிருந்த கேபிள்களைக் கொத்தாகப் பிடுங்கினார். மானிட்டரைத் தூக்கிச் சுவரில் அடித்தார்.

பெரிய திரை கருப்பானது. சின்னக் கட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

"அக்கா, ஸ்கிரீன் கருப்பு லா."

"இது நடிப்பா?"

"இல்ல டேய், அடிக்கிறான்!"

ஸ்டோர் ரூம் பக்கமே போகாத அவர் பார்வையில் லைவ் செத்துவிட்டது. மைக் தரையில் விழுந்து உருண்டிருந்தது, அவர் மூச்சுகூடக் கேட்டது. "இப்பக் கூப்பிடுடி அவனுங்கள. எவன் வர்றான்னு பாப்போம்." அவர் விட்ட முதல் அறையில் அவள் உதடு கிழிந்தது. இரண்டாவதில் தலை மேசை விளிம்பில் மோதியது. அவர் அவள் மார்பில் முழங்காலை ஊன்றிக் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

கேண்டீனில் என்னைச் சுற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லைவ் என் கைப்பேசிக்கு வந்து சேரச் சில விநாடி ஆகும். நான் பார்க்கும் அடி ஏற்கெனவே விழுந்த அடி. கைகள் கழுத்தில் இருக்கும் இந்த நொடியில் அங்கே அவள் உயிரோடு இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவர் கைப்பேசியைப் பிடுங்கி போலீஸ் அவசர எண் 999க்கு அடித்து முகவரியைக் கத்தினேன்.

அக்கா அவர் கையைக் கடித்தாள். பிடி தளர்ந்த இடைவெளியில் அவரிடம் கெஞ்சவில்லை. தலையைத் திருப்பி அலமாரி மேலிருந்த கேமராவைப் பார்த்தாள். அதன் சின்ன விளக்கு அணையவில்லை. ஸ்டோர் ரூமில் இருப்பது இன்னும் ஓடுகிறது என்பது அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"நாலாவது மாடி," என்றாள், ரத்தத்தோடு. "மாமாக் ரொட்டிக் கடைக்கு மேல இருக்கிற பிளாக். மூலை வீடு. கொல்றாரு."

"எவன்கிட்டடி பேசுற?" என்று கேட்டு மறுபடி அறைந்தார். "பைத்தியமாடி உனக்கு?"

சாட்டில் ஒரு வரி வந்தது. "அக்கா நான் கீழ் கடைல ரொட்டி போடுறவன். வரேன்."

பிறகு நான் கேட்டதெல்லாம் அடியும் அழுகையும்தான். ஒருமுறை ஏதோ கண்ணாடி நொறுங்கியது. அப்புறம் இரும்புக் கேட்டை உலுக்கித் திறக்கும் சத்தம், பலர் கத்தும் சத்தம். மச்சான் வாசலைப் பார்த்துத் திரும்பினார். ஏப்ரன் கட்டிய ஒரு ஆள் உள்ளே பாய்ந்து அவரைத் தரையோடு அழுத்தினார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். அக்கா சுவரைப் பிடித்து எழுந்து, நடந்து, கட்டத்துக்கு வெளியே போனாள். அவள் நடந்ததைப் பார்த்த பிறகுதான் நான் கேண்டீனை விட்டு ஓடினேன்.

நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் நெற்றியில் துணியை அழுத்தியபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் விரல்கள் பதிந்திருந்தன. அந்தப் பக்கம் மச்சான் மலாய் மொழியில் உறுதியாகப் பேசிக்கொண்டிருந்தார். மனைவி வழுக்கி விழுந்தாளாம். லைவ் என்று காட்டுவது எல்லாம் ஜோடித்ததாம்.

"எப்படிச் சொல்றீங்க?" என்று பெண் போலீஸ் கேட்டார்.

"மெஷின்தான் நொறுங்கிக் கெடக்கே. வேணும்னா போய்ப் பாருங்க. எப்படி லைவ் போகும்?"

"யார் நொறுக்கினது?"

"நான்தான். மொதல்லயே எல்லாக் கேபிளையும் புடுங்கிட்டேன். அவளை ஒரு அடி அடிக்கறதுக்கு முன்னாடியே—"

அவரே நிறுத்திக்கொண்டார். பெண் போலீஸ் நிமிர்ந்து பார்க்காமல் எழுதினார். எனக்கு மச்சான் மேல் பாய வேண்டும் போல இருந்தது. அக்கா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"தம்பி, அது இன்னும் ஓடுதா?"

கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். மேலே கருப்பு. மூலைக் கட்டத்தில் ஆளில்லாத ஹால், கவிழ்ந்த நாற்காலி, கண்ணாடித் தூள். எப்போதும் வருவதைவிட அதிகம் பேர் அந்தக் காலி அறையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா எங்கே, அக்காவுக்கு என்னாச்சு என்று வரிகள் ஏறிக்கொண்டே இருந்தன.

"நிறுத்திடவா?"

"இரு." கைப்பேசியை வாங்கி, வீங்கிய விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினாள். உயிரோடதான் இருக்கேன். அந்த வீட்டுக்குத் திரும்பப் போகல.

அனுப்பிவிட்டு, "இப்ப நிறுத்து," என்றாள்.