இருபத்தேழாம் கேள்வியை ஓட்டிப் பார்க்காதவன்

நான் எழுதிய வழிகாட்டியின் முதல் பக்கத்தில், 'இதிலுள்ள எல்லா நிரல்களும் கணினியில் ஓட்டிச் சரிபார்க்கப்பட்டவை' என்று ஒரு வரி உண்டு. அது பொய். எந்த விடையில் எனக்குச் சந்தேகம் வந்ததோ அதை மட்டுமே ஓட்டிப் பார்த்தேன். என் மேல் எனக்குச் சந்தேகம் வருவது அபூர்வம்.

மைசூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் சி மொழி கற்பிக்கிறேன். நிரலைக் கொடுத்து, 'இது என்ன அச்சிடும்?' என்று கேட்கும் கேள்விகளில்தான் எங்கள் பிள்ளைகள் கவிழ்வார்கள். அதற்காகவே அறுபது கேள்விகளைத் தொகுத்திருந்தேன். கல்லூரிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் நீல அட்டை போட்டு விற்றார்கள்.

அரியர் தேர்வுக்கு முந்தைய நாள் மதியம், கொள்ளேகால்காரப் பெண் ஒருத்தி அந்த நீலப் புத்தகத்தோடு ஆசிரியர் அறைக்கு வந்தாள். இறுதியாண்டு முடித்துவிட்டாள், பாக்கி இந்த ஒரே பேப்பர்தான். போன முறை இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. வேலைக்கான கடிதம் கையில் இருக்கிறது, இதைத் தேறினால்தான் செல்லும்.

"சார், ஒரு டவுட்டுங்க. `*p++`க்கும் `(*p)++`க்கும் என்னங்க வித்தியாசம்?"

உற்சாகமாகப் பலகைக்குப் போனேன். 10, 20, 30 என்று ஓர் அணி; p முதல் உறுப்பைச் சுட்டுகிறது. `*p++` என்றால் ++ முதலில் p-யோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் பழைய இடத்திலிருந்த 10தான் கிடைக்கும், p அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடும். `(*p)++` என்றாலும் கிடைப்பது 10தான். p நகராது, வீட்டுக்குள் இருக்கும் 10தான் 11 ஆகும்.

"புரிஞ்சுதுங்க. அப்ப இந்த இருபத்தேழு?"

`printf("%d %d", *p, *p++);` என்றிருந்தது. அணி அதேதான். விடை: 20 10. வலமிருந்து இடமாகக் கணக்கிடப்படும் என்று விளக்கம் வேறு எழுதியிருந்தேன்.

"என் போன்ல ஓட்டினா 10 10ன்னு வருதுங்க சார்."

என் கணினியில் ஓட்டினேன். 20 10. அவள் கைபேசியை நீட்டினாள். 10 10. எனக்கு வியர்த்தது. printf மாதிரி ஒரு சார்புக்குத் தரும் மதிப்புகளை எந்த வரிசையில் கணக்கிட வேண்டும் என்று சி மொழி சொல்லவே இல்லை. போதாததற்கு, ஒரே வரியில் p-யை ஒரு பக்கம் படித்து மறுபக்கம் மாற்றினால் மொழி எந்த உத்தரவாதமும் தராது. அந்த நிரலுக்கு விடையே கிடையாது. இதை நான் வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன், வேறொரு நிரலைக் காட்டி.

வியர்த்ததற்கு அது மட்டும் காரணமில்லை. மறுநாள் வினாத்தாளைத் தயாரித்தவன் நான். சோம்பல்பட்டு இருபத்தேழை அப்படியே அதில் போட்டிருந்தேன், மூன்று மதிப்பெண்ணுக்கு. திருத்தப் போகிறவர் வெளியூர்க்காரர். அவர் கையில் என் விடைக்குறிப்பு. 'விடை கிடையாது' என்று சரியாக எழுதுகிறவருக்குச் சுழியம்தான். இவளிடம் உண்மையைச் சொன்னால் அந்தச் சுழியம் இவளுக்கு. 'எழுதாதே' என்றால் வினாத்தாள் கசிந்ததாகிவிடும்.

"பாத்துட்டுச் சொல்றேம்மா" என்றேன்.

"நாளைக்குப் பரீட்சைங்க சார்."

அவள் போனதும் தேர்வு அதிகாரியின் அறைக்கு ஓடினேன். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"நீவே செட் மாடித்து, நீவே தப்பு அந்தீரா?"

நீங்களே கேள்வி வைத்துவிட்டு நீங்களே தப்பு என்கிறீர்களா என்று அவர் கேட்ட தொனியில், பத்து மாணவர்களைத் தோற்கடித்துவிடலாம். வினாத்தாள் கட்டுக்கு முத்திரை போட்டாகிவிட்டது, பிரிக்க முடியாது என்றார். எழுத்து மூலம் தவறை ஒப்புக்கொண்டால், அந்தக் கேள்விக்கு எதை எழுதியிருந்தாலும் முழு மதிப்பெண் தரச் சொல்வார், தொடாதவர்களுக்கு ஒன்றுமில்லை. 'என் கவனக்குறைவால்' என்று தொடங்கிக் கையெழுத்திட்டேன்.

மறுநாள் மூன்று மணி நேரமும் கேன்டீனில் இருந்தேன். அந்த மூன்று மதிப்பெண் பகுதியில் பன்னிரண்டில் பத்துக் கேள்விக்கு விடை எழுத வேண்டும். அவள் அதைத் தொட்டாளா, இல்லையா? தொடச் சொல்லி ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. முன்னாலிருந்த காபி ஆடை கட்டி ஆறியது.

முடிவு வந்தது. நாற்பது வேண்டும், அவள் நாற்பத்தொன்று. இனிப்பு டப்பாவோடு வந்தாள். நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன்: மூன்று போனால் முப்பத்தெட்டு. ஆக, என் மன்னிப்புக் கடிதம்தான் காப்பாற்றியிருக்கிறது! அடக்கமாக இருக்க முயன்று, முடியாமல், முழுக் கதையையும் சொல்லி முடித்தேன்.

அவள் சங்கடத்தோடு டப்பாவைத் திறந்தாள்.

"அதை நான் சாய்ஸ்ல விட்டுட்டேங்க சார். உங்க புக்குல இருந்த கேள்வின்னு பாத்ததுமே தெரிஞ்சுது, எதுக்கு ரிஸ்க்குன்னு."