எட்டு பத்துக்கு மாற்றிய தட்டு

தை மாதப் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறையான அந்தத் திங்கட்கிழமை எங்கள் வீட்டில் நடந்தவை:

1. காலை 7.40. அக்காவை நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் வெலிமடையிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள்.
2. 7.50. வேன்காரருக்குப் போன் வந்தது. கீழே வீதியில் சரிந்த மண்ணை அள்ளப்போகிறார்கள், ஒன்பதரைக்குப் பாதையை மூடினால் திறக்கச் சாயங்காலம் ஆகும் என்று. மாப்பிள்ளைக்கு மரக்கறி வியாபாரம். மதியம் அவர் நின்று லொறியில் லீக்ஸ் ஏற்ற வேண்டும்.
3. 7.55. இப்போதே தட்டு மாற்றிவிடலாமா என்று அப்பா கேட்டார். ஒன்பது வரை ராகு காலம் என்று மாப்பிள்ளையின் அம்மா சுவரிலிருந்த நாட்காட்டியைக் காட்டினார். கோயில் பூசாரி குறித்துக் கொடுத்திருந்த நேரம் 9.30 முதல் 10.20 வரை.
4. 8.00. பூசாரியிடம் கேட்டு வருகிறேன் என்று நான் கைப்பேசியோடு வீட்டுக்குப் பின்னால் போனேன். யாருக்கும் போன் பண்ணவில்லை.
5. 8.04. திரும்பி வந்து, 8.18 வரை நல்ல நேரம் என்று பூசாரி சொன்னதாகச் சொன்னேன்.
6. 8.10. தட்டு மாற்றினார்கள்.
7. 8.45. வேன் புறப்பட்டது.
8. 9.05. போயா பூசையை முடித்துக்கொண்டு பூசாரி வந்தார்.

நான்காவதையும் ஐந்தாவதையும் எழுத எனக்குப் பல நாள் எடுத்தது.

நான் நில அளவை படித்தவள். பதுளையில் ஓர் அலுவலகத்தில் வேலை. ஞாயிறுதோறும் பஸ் பிடித்து, வீடு இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு வருவேன். அக்காவின் சம்பந்தம் பேச ஆரம்பித்த நாளிலிருந்து வீட்டில் ராகு காலம், எமகண்டம் என்ற பேச்சாகவே இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அதில் மிகவும் கண்டிப்பானவர். அவருடைய மூத்த மகளை ராகு காலத்தில் நிச்சயம் செய்தார்களாம், அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லையாம். அக்காவுக்கு முப்பத்து நான்கு வயது. இதற்கு முன் இரண்டு இடங்கள் பேசிக் கலைந்திருந்தன. இது கலையக்கூடாது என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் இருந்த ஒரே கவலை.

எனக்கு வேறொரு அரிப்பும் இருந்தது. நாட்காட்டியில் திங்கள் ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்று வருடம் முழுக்க ஒரே மாதிரி போட்டிருக்கிறது. சூரியன் ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறைவதாக வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மணி நேரத்தை எட்டாக வெட்டிப் போட்ட அட்டவணை அது. ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம். திங்கட்கிழமை இரண்டாவது பங்கு ராகு, நான்காவது பங்கு எமகண்டம். சனிக்கு மூன்றாவது, வெள்ளிக்கு நான்காவது, புதனுக்கு ஐந்தாவது, வியாழனுக்கு ஆறாவது, செவ்வாய்க்கு ஏழாவது, ஞாயிறுக்கு எட்டாவது பங்கு ராகு. எமகண்டம் இன்னும் சுலபம். ஞாயிறுக்கு ஐந்தில் தொடங்கி நாளுக்கு ஒன்றாகக் குறைந்து வியாழனுக்கு முதல் பங்கில் நிற்கும். வெள்ளிக்கு ஏழு, சனிக்கு ஆறு. சரியான நேரம் வேண்டுமென்றால் அன்றன்றைய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பொழுதை எடுத்து எட்டால் வகுக்க வேண்டும்.

இதுவரை நான் புரிந்துகொண்டது சரி.

எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், பள்ளத்தில் இருக்கிறது. கிழக்கே பெரிய மலை, மேற்கே தேயிலை மேடு. எல்லா இடத்துக்கும் விடிந்த பிறகுதான் எங்கள் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் வெயில் விழும். தோட்டத்தில் நின்ற நாட்களில் விடியற்காலையில் நின்று, மலை முகட்டில் சூரியன் தலைகாட்டும் நிமிடத்தைக் குறித்தேன். 6.58. மேட்டுக்குப் பின்னால் இறங்குவது மாலை 5.42. இடையில் 644 நிமிடம், ஒரு பங்கு எண்பதரை நிமிடம். திங்கட்கிழமை ராகு 8.18க்குத் தொடங்கி 9.39க்கு முடிகிறது. இதைக் கைப்பேசியில் ஓர் அட்டவணையாகவே செய்து வைத்திருந்தேன். பூசாரி கொடுத்த நேரத்தில் முதல் ஒன்பது நிமிடம் ராகுவில் விழுகிறது என்று முதல் நாளே அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன்.

"அவருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிடுச்சு?" என்று அக்கா கேட்டாள்.

"அவரு புத்தகத்தைப் பாக்குறாரு. நான் சூரியனைப் பாத்தேன்" என்றேன்.

திங்கட்கிழமை மாப்பிள்ளையின் அம்மா நாட்காட்டியைக் காட்டியபோது நான் இந்தக் கணக்கைத்தான் முதலில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீ படிச்ச புள்ள, சரிம்மா. பூசாரி என்ன சொல்றாரு?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு முகம் சுட்டது. அப்பா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே பட்டுச் சேலையில் அக்கா. மாப்பிள்ளையின் சித்தப்பா, "இன்னொரு நாளைக்கு வெச்சுக்குவோமுங்க, அவசரப்பட வேணாம்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். இன்னொரு நாள் என்ற பேச்சை இந்த வீடு இரண்டு முறை கேட்டிருக்கிறது. பூசாரி அபிஷேகத்தில் இருப்பார், போனை எடுக்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

அக்காவுக்காகச் செய்தேன் என்றுதான் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. என் கணக்கு நிற்க வேண்டும் என்பது மற்றப் பாதி. வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்ப் பீலியருகே நின்று, கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நான்கு நிமிடம் சும்மா இருந்தேன்.

பூசாரி எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்று வகுப்பு மேலே படித்தவர். வார நாட்களில் தேயிலை ஃபெக்டரியில் வேலை, மற்ற நேரம் கோயில். அன்று வேட்டியில் விபூதி ஈரம் காயாமல் வந்து நின்றார். அப்பா கும்பிட்டபடியே, "நீங்க போன்ல சொன்ன மாதிரியே எட்டு பத்துக்கு முடிச்சிட்டோமுங்க. ரொம்ப ஒத்தாசை" என்றார்.

அவர் அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நல்லதுங்க" என்று மட்டும் சொன்னார்.

தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட்டவரை நான் படிக்கட்டில் போய்ப் பிடித்தேன்.

"நான் எப்ப போன் பேசுனேன்?" என்றார், குரலை உயர்த்தாமல்.

கைப்பேசியைத் திறந்து அட்டவணையைக் காட்டினேன். அதை அவர் முழுதாகப் பார்த்தார். பார்க்கட்டும், புரிந்துகொள்வார் என்று அப்போதும் நினைத்தேன்.

"6.58 எங்கேருந்து வந்துச்சு?"

"நானே பாத்துக் குறிச்சேன் அண்ணே. மலைக்கு மேல வர்ற நேரம்."

"அப்ப மேல் லயத்துக்கு ஒரு ராகு காலம், கீழ் லயத்துக்கு ஒரு ராகு காலமா? ஃபெக்டரி சிம்னிக்குப் பின்னால குடியிருக்கிறவனுக்கு விடியவே விடியாதே." இடுப்பில் செருகியிருந்த பஞ்சாங்கத்தை எடுத்து அன்றைய வரியில் விரல் வைத்தார். "உதயம் ஆறு இருபத்து நாலு. அஸ்தமனம் ஆறு பதிமூணு. மலை, மரம் ஒண்ணும் இல்லாத அடிவானத்துக்குத்தான் போடுவாங்க. எட்டால வகு. ஒன்னோட மெஷின்லயே வகு."

வகுத்தேன். 709 நிமிடம். பங்குக்கு எண்பத்தெட்டரைக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டாவது பங்கு 7.53 முதல் 9.21. எமகண்டம் 10.50க்குத் தொடங்குகிறது. எட்டு பத்து நாட்காட்டிப்படியும் ராகு காலம், கணக்குப்படியும் ராகு காலம். அவர் குறித்த ஒன்பதரை முதல் பத்து இருபது இரண்டின்படியும் சுத்தமாக இருந்தது. அப்படி இருக்க வேண்டுமென்றே அந்த இடைவெளியைத் தேடி எடுத்திருக்கிறார்.

மலை முகடு அடிவானம் அல்ல என்பது எங்கள் படிப்பில் முதல் வருடப் பாடம்.

"அப்பாகிட்ட சொல்லிடுறேன் அண்ணே" என்றேன்.

"சொல்லு" என்றுவிட்டு இறங்கிப் போனார். நான் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து மாப்பிள்ளையின் லொறி ஒரு வளைவில் வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் சரிந்து அவருக்கு வலது கை முறிந்தது. அவருடைய அம்மா நிச்சயத்தன்று எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து நேரம் பார்த்திருக்கிறார். பிறகு அங்கே பஞ்சாங்கம் பார்ப்பவரிடம் கேட்டிருக்கிறார். அதன் பிறகு அந்த அம்மா அப்பாவுக்குப் போன் பண்ணினார். "நடு ராகு காலத்துல தட்டு மாத்த வெச்சிருக்காரு ஒங்க பூசாரி. நாங்க யோசிக்கணும்" என்றார். போனை வைத்துவிட்டார்.

தோட்டத்தில் ஒரு செய்தி பரவ, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களம் ஒன்று போதும். மறுநாள் காலை ஆள் கூப்பிடுவதற்குள் பூசாரிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

"என்னா ராகு கால ஐயா, இன்னைக்கு எத்தனை மணிக்குக் கொழுந்து எடுக்கலாம்?" என்று ஒருத்தி கேட்டாளாம். புது வீட்டுக்குப் பால் காய்ச்ச அவரிடம் நாள் கேட்டிருந்த குடும்பம் வேறொருவரிடம் போனது. அவர் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. அக்கா இதையெல்லாம் எனக்குப் போனில் சொன்னாள். கடைசியில், "அவரை நம்பித்தானே செஞ்சோம்" என்றாள். நான் அலுவலகத்தில் ஒரு வரைபடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். "ஆமா" என்றேன்.

அந்த "ஆமா"வை நான் இந்த முழு விஷயத்திலும் மோசமானதாக எண்ணுகிறேன். முதல் பொய்க்கு நான்கு நிமிடம் யோசித்தேன். இதற்கு யோசிக்கவேயில்லை.

அடுத்த சனிக்கிழமை வெலிமடை பஸ்ஸில் ஏறினேன். வீட்டில் சொல்லவில்லை. மாப்பிள்ளை கையில் கட்டோடு முன்னறையில் இருந்தார். அவருடைய அம்மா முற்றத்தில் உருளைக்கிழங்கைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். பூசாரியிடம் கேட்கவில்லை அத்தை, நேரம் நான் சொன்னது, கணக்கும் தப்பு.

அவர் கிழங்கைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். "பின்னால போய் நின்னு பேசுனியே?"

"பேசலைங்க."

"சும்மா நின்னியா?"

"ஆமாங்க."

"அந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார். பிறகு உள்ளே பார்த்து மகனிடம், "கேட்டியாடா" என்றார். எனக்குத் தேத்தண்ணீர் வந்தது. குடிக்க முடியவில்லை, ஆனால் குடித்தேன்.

நான் திரும்பி வருவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா அப்பாவுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தட்டை மறுபடி மாற்ற வேண்டும், நேரத்தை அதே பூசாரியே குறிக்க வேண்டும், தான் பேசியதற்கு வருத்தம் என்று அவரிடம் சொல்லவேண்டும் என்றாராம். அப்பா கோயிலுக்குப் போய்ச் சொன்னார். நானும் கூடப் போனேன். பூசாரி பஞ்சாங்கத்தைப் புரட்டி, அடுத்த போயா புதன் என்று பார்த்து, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். தாளை அப்பாவின் கையில்தான் கொடுத்தார்.

இப்போதுள்ள நிலை: வரும் புதன்கிழமை காலை 9.40க்கு அக்காவுக்கு மறுபடி நிச்சயம். பால் காய்ச்சும் குடும்பம் பூசாரியிடம் திரும்பிப் போகவில்லை. பெரட்டில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. அக்கா என்னுடன் பேசுவதில்லை. நான் செவ்வாய் மாலை பஸ்ஸில் போகிறேன்.