இடது கை நர்ஸ், வலது கை நர்ஸ்

எங்கள் சீரியலுக்குப் பதினான்கு வயது. அதில் எந்த எபிசோடில் யார் செத்தார், தழும்பு எந்தக் கன்னத்தில் என்பதெல்லாம் தெரிந்த ஒரே ஆள், தொடர்ச்சி பார்க்கும் நோட்டக்கா. எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். நான் எடிட்டர். சந்தேகம் வந்தால் அவரிடம்தான் ஓடுவேன்.

நோட்டை யார் மதித்தார்கள்? அப்பாவாக நடித்தவர் கோபித்துக்கொண்டு போனார். மறுநாள் வேறொருவர் அதே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தீ விபத்து, முகத்தில் அறுவை சிகிச்சை என்று ரசிகர்களே காரணம் சொல்லிவிட்டார்கள். ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒரே வாரத்தில் கல்லூரிக்குப் போனாள். நடுவில் நமக்குக் காட்டாத வருஷங்கள் ஓடிவிட்டனவாம். அம்மாவுக்கு மட்டும் ஒரு முடிகூட நரைக்கவில்லையே என்றால், சாயமாம். எங்களுக்கு இவ்வளவு மூளை இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்போம்.

போன மாதம் வந்த புது எழுத்தாளருக்குத் திடீரென்று ஒரு மூத்த மகன் தேவைப்பட்டான்.

“சார், மூத்த குழந்தை 212-ஆவது எபிசோட்ல பிறந்ததுமே செத்துப்போச்சு” என்றார் நோட்டக்கா.

“யாரு சொன்னா?”

“நர்ஸ் சொல்றா.”

“சொல்றா, சரி. குழந்தை முகத்தைக் காட்டினோமா?”

இது ரசிகர்களின் சட்டம். கண்ணால் பார்த்தது மட்டும்தான் உண்மை, வாயால் சொன்னது பொய்யாக இருக்கலாம். எழுத்தாளர் போனில் அவர்களுடைய ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்து காட்டினார். ஒரு ஷாட்டில் நர்ஸின் கடிகாரம் இடது கையில், அடுத்ததில் வலது கையில். அப்படியானால் நர்ஸ்கள் இரண்டு பேர், குழந்தையை மாற்றிவிட்டார்கள், அது உயிரோடு இருக்கிறது. ஐந்து வருஷமாக அவர்கள் பேசிவருவது இதுதான்.

நோட்டக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அது அவர் விட்ட தவறு. அந்தக் காட்சியே அவருடைய சொந்தக் கதை. பழைய எழுத்தாளரிடம் அழுதுகொண்டே சொன்னதை அவர் அப்படியே எழுதிவிட்டார். படம் பிடிக்கும்போது நோட்டக்காவால் பார்க்க முடியவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். கடிகாரம் கை மாறியது அப்போதுதான்.

அவரும் தன் குழந்தையின் முகத்தைப் பார்த்ததில்லை. மயக்கம் தெளிந்தபோது நர்ஸ் சொன்னாள், அவ்வளவுதான். இருபது வருஷம் அதை நம்பியிருந்தவரை, ‘ஒருவேளை’ என்ற ஒரு சொல் பிடித்து ஆட்டத் தொடங்கியது. எனக்கு எழுத்தாளரை அறையத் தோன்றியது.

அன்று மாலை நோட்டக்கா வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த தன் கணவர் முன்னால் போய் நின்றார்.

“நம்ம குழந்தை முகத்தை நீங்க பார்த்தீங்களா?”

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“பார்த்தேன். நான்தான் கையில வாங்கினேன். மூச்சில்ல.”

“ஏங்க இத்தனை நாளா சொல்லல?”

“நீ கேக்கல. கேட்டுடுவியோன்னு தினம் பயந்துக்கிட்டிருந்தேன்.”

“யாரு மாதிரி இருந்துச்சு?”

“உன்ன மாதிரி. அதே மூக்கு.”

மறுநாள் எடிட்டிங் அறையில் இதை என்னிடம் சொல்லும்போது நோட்டக்கா ஒரு விரலால் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.