டவர் கிடைக்கும் கடைசி நிறுத்தம்

கல்வராயன் மலை மேலே இருக்கும் என் அலுவலகத்தில் செல்போனுக்கு டவர் எட்டாது. காலை பஸ் கச்சிராயபாளையத்தில் டீக்கு நிற்கும்போதுதான் பங்குச்சந்தை திறக்கும். அதற்குப் பிறகு மாலையில் திரும்பி வரும்வரை எதுவும் தெரியாது.

சேமிப்பில் ஒரு பகுதியை முதன்முதலாகப் பங்கில் போட நினைத்தபோது இரண்டு செயலிகளில் கணக்குத் தொடங்கினேன். ஒன்றில் கட்டணம் இல்லை. விலை வரைபடங்களும் பிரமாதம். மற்றொன்றில் ஒவ்வோர் ஆர்டருக்கும் இருபது ரூபாய்; வரைபடங்கள் சாதாரணம். ஒரு மாதம் எதுவும் வாங்காமல், சந்தை திறக்கும் நேரத்தில் இரண்டையும் திறந்து பார்த்தேன்.

"இன்னா சார், பொண்ணு பாக்குற மாதிரி தெனமும் பாத்துக்கினே இருக்கீங்க?" என்று பக்கத்து இருக்கை சக ஊழியர் கிண்டலடித்தார்.

இலவசச் செயலி சில நாட்கள் அந்த நேரத்திலேயே உறைந்து நின்றது; மற்றது ஒருநாளும் நிற்கவில்லை. மலையில் வரைபடத்தைப் பார்க்கவும் வழியில்லை. எனக்கு வேண்டியது, விலை நான் சொன்ன அளவுக்கு இறங்கினால் தானே விற்கும் ஸ்டாப் லாஸ் ஆர்டர். காலையில் அது சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், பிறகு செயலி முடங்கினாலும் அன்று முழுக்க அங்கேயே நிற்கும். போய்ச் சேர்வதுதான் முக்கியம். அதனால் இருபது ரூபாய்க்காரனையே எடுத்துக்கொண்டேன்.

அதில் பங்கு வாங்கிய மறுவாரம் ஒரு மாலை, அதே நிறுத்தத்தில் போன் உயிர்பெற்றது. பங்கு நன்றாகச் சரிந்திருந்தது. காலையில் போட்ட ஸ்டாப் லாஸ் என்னுடையதைச் சரிவின் தொடக்கத்திலேயே விற்றிருந்தது. சின்ன நஷ்டம்தான். பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டினேன்.

"நஷ்டத்துக்குச் சிரிக்கிற ஆள இன்னிக்குத்தான் சார் பாக்குறேன்" என்றார். அன்றைய டீக்கு நானே காசு கொடுத்தேன்.