மகன் வாங்கிய அறுபது பங்குகள்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் எனக்கு ஓர் அறை. வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. ஜூலை மாதத்தில் யாராவது நல்லபடியாகப் பேசினால்கூட எனக்கு எரிச்சல் வரும். அப்படியொரு ஜூலைப் பகலில்தான் அவர், தன் பங்குத் தரகர் அனுப்பிய மூலதன ஆதாய அறிக்கையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு ஏறி வந்தார்.

அவர் உப்பளத்து அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். முந்தைய வருடம் ஜூலையில், சென்னையில் வேலை பார்த்த அவருடைய ஒரே மகன் பைக் விபத்தில் போய்விட்டான். கல்யாணம் ஆகவில்லை. நாமினி என்ற முறையில் மகனுடைய பங்குகள் அக்டோபரில் இவர் பெயருக்கு வந்தன. பங்குகளைப் போட்டு வைக்கும் டீமேட் கணக்கை அவருக்குத் திறக்க உதவியது நான்தான். ஒரே கம்பெனியின் பங்குகள், அறுபது. நவம்பரில் அதே கம்பெனியில் இவரும் தன் பென்ஷன் பணத்தில் அறுபது வாங்கினார். மகன் நம்பிய கம்பெனியாயிற்றே என்றார். மார்ச்சில் அறுபதை விற்று, மகனுக்குக் கருங்கல்லில் கல்லறை கட்டினார். என்னிடம் வந்தபோது, முதல் வருட நினைவுப் பூசை முடிந்து ஐந்தாறு நாட்கள்தான் ஆகியிருந்தன.

“பதினெட்டாயிரம் வரி வரும்னு தரகர் ஆபீஸ்ல சொல்றாங்கம்மா. வித்ததே தொண்ணூறாயிரம்தான். இன்னா கணக்கு இது?”

அறிக்கையைப் பார்த்ததுமே தெரிந்தது. வாங்கிய தேதி என்ற இடத்தில் அக்டோபர் என்று இருந்தது. வாங்கிய விலை பூஜ்யம். விற்ற தொகை முழுக்கக் குறுகிய கால லாபம் என்று போட்டிருந்தார்கள். செத்தவர் கணக்கிலிருந்து பங்கு மாறி வரும்போது தரகரின் கம்ப்யூட்டருக்குப் பழைய விலை தெரியாது. வந்து சேர்ந்த நாளையே வாங்கிய நாளாக எடுத்துக்கொள்ளும். வருடத்துக்கு நாலு பேருக்காவது நான் சரிசெய்து கொடுக்கிற தப்புதான். எனக்கு உற்சாகமே வந்துவிட்டது.

“இது தப்பு சார். வாரிசா வந்த பங்குக்கு உங்க மகன் குடுத்த விலைதான் விலை. அவர் வாங்குன தேதியிலேருந்துதான் நாளை எண்ணணும். அவர் வெச்சிருந்த நாளும் நீங்க வெச்சிருந்த நாளும் ஒண்ணா சேரும்.”

மகன் பங்கு வாங்கியதற்கான சீட்டுகள் அவனுடைய மெயிலில் இருந்தன. அவனுடைய செல்போனை இவர் இன்னும் சார்ஜ் போட்டுக் கையில்தான் வைத்திருந்தார். பிரின்ட் எடுத்தேன். மகன் இரண்டு தடவையாக வாங்கியிருந்தான். நாலு வருடத்துக்கு முன்னால் நாற்பது, ஒவ்வொன்றும் அறுநூறு ரூபாய்க்கு. சாவதற்கு இரண்டு மாதம் முன்னால் மே மாதத்தில் இருபது, ஆயிரத்து நானூறுக்கு. விற்ற விலை ஆயிரத்து ஐந்நூறு.

“முதல் நாற்பது ஒரு வருஷத்துக்கு மேல இருந்திருக்கு. அது நீண்ட கால லாபம், முப்பத்தாறாயிரம். வருஷத்துக்கு ஒண்ணேகால் லட்சம் வரைக்கும் அதுக்கு வரி இல்ல. அடுத்த இருபது, மே வாங்கி மார்ச்ல வித்தது, வருஷம் முடியல. அது குறுகிய காலம். லாபம் ரெண்டாயிரம், இருபது பர்சன்ட்ல நானூறு ரூபா, மேல கொஞ்சம் செஸ். பதினெட்டாயிரம் எங்க, நானூறு எங்க!”

பெருமையாக அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நீ எதுக்கும்மா அவன் சீட்ட எடுத்துப் போடற? நான் வித்தது நான் வாங்குனதாச்சே?”

கவரிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். இடப்பக்கம் ‘மகன்’ என்று எழுதி அறுபது. வலப்பக்கம் ‘நான்’ என்று எழுதி அறுபது. வலப்பக்கத்து அறுபதின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டு, ‘விற்றது, கல்லறைக்கு’ என்று எழுதியிருந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது வருடம் அவர் உப்பு அம்பாரங்களுக்குக் கணக்கு எழுதியவர். களத்தில் ஒவ்வொரு அம்பாரத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. இன்றைக்கு லாரி வந்தால் ஏழாம் அம்பாரத்திலிருந்து ஏற்று என்றால் ஏழிலிருந்துதான் ஏற்றுவார்கள். மூன்றாம் அம்பாரம் போட்ட இடத்தில் கிடக்கும். பங்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

“டீமேட்ல அம்பாரம் தனித்தனியா இருக்காது சார். எல்லாம் ஒண்ணா கலந்துடும். விக்கும்போது எது முதல்ல கணக்குக்குள்ள வந்ததோ அதுதான் முதல்ல போனதா எடுத்துக்குவாங்க. உங்க மகனோடது அக்டோபர்ல வந்துச்சி. நீங்க வாங்குனது நவம்பர்ல. அதனால...”

“அதனால?”

“வித்தது அவரோடது சார். அறுபதும். இப்ப கணக்குல மிச்சம் இருக்கறது நீங்க வாங்குனது.”

 அவர் நோட்டிலிருந்த சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

“என்னுத வித்ததா போட்டா வரி எவ்ளோ ஆகும்?”

“நீங்க ஆயிரத்து முந்நூறுக்கு வாங்குனீங்க. லாபம் பன்னெண்டாயிரம், எல்லாமே குறுகிய காலம். ரெண்டாயிரத்து நானூறு.”

“அப்ப அதையே போடு. நானூறு கட்ட வேண்டிய எடத்துல ரெண்டாயிரத்து நானூறு கட்டறேன். அதிகமா குடுத்தா வேணாம்னா சொல்லுவான் கவர்மென்ட்டு?”

“அப்படிப் போட முடியாது சார். எதை வித்தோம்னு நாம எடுத்துச் சொல்ற வசதியே சட்டத்துல இல்ல.”

“முடியாதா, உனக்குத் தெரியாதா?”

வேறு நாளாக இருந்தால் அந்தக் கேள்விக்கு எரிந்து விழுந்திருப்பேன். தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன் அறுபதை இன்னொரு டீமேட் கணக்கு திறந்து அதில் வாங்கியிருந்தால், அந்தக் கணக்கை மட்டும் தனியாகப் பார்த்திருப்பார்கள். அவர் விற்றது அவருடையதாகவே இருந்திருக்கும். நவம்பரில் வாங்குவதற்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்து, “அவனுதோட கலக்காம தனியா வெச்சிக்கலாமாம்மா?” என்று கேட்டவர் அவர். “வருஷத்துக்கு ரெண்டு பராமரிப்புக் கட்டணம் எதுக்கு சார் தண்டமா? ஒண்ணு போதும்” என்று சொன்னவள் நான். என்ன அர்த்தத்தில் கேட்கிறார் என்று நான் விசாரிக்கவில்லை. மிச்சம் பிடித்துக் கொடுத்த கெட்டிக்காரி என்ற நினைப்பில் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அதை அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. “என் தப்பு சார் இது” என்றேன்.

“நீ இன்னா பண்ணுவ? நான் வெவரம் சொல்லியில்ல கேட்டிருக்கணும்.”

நோட்டின் ஓரத்தை நீவிவிட்டபடி சொன்னார். “அவன் மொத சம்பளத்துல எனக்குச் சட்டை எடுத்துத் தரேன்னான். வேணாம்டா, நீ வெச்சிக்கன்னு சொன்னேன். அவங்காசு ஒத்த ரூபா நான் தொட்டதில்லம்மா. கல்லறையாவது நம்ம காசுல கட்டணும்னுதான் என்னுத வித்தேன். இப்ப அவங்காசுலதான் அவனுக்குக் கல்லு வெச்சிருக்கேனா?”

“வரிக்கு மட்டும்தான் சார் இந்தக் கணக்கு. மனசுக்கு இல்ல” என்றேன். சொன்ன எனக்கே அது போதவில்லை. அழுகை வந்தது, ஸ்கிரீன் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“மீதி அறுபது இருக்குதில்ல, அதுல அவனுது ஒண்ணு கூடவா இல்ல?”

“இல்ல சார்.”

அவர் தலையாட்டினார். நோட்டைத் திருப்பி வைத்து, என் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, இடப்பக்கத்து அறுபதின் மேல் கோடு போட்டார். முப்பது வருடம் ரிஜிஸ்டர் எழுதிய கை. கோடு நேராக வந்தது. ‘கல்லறைக்கு’ என்று மட்டும் அவரால் எழுத முடியவில்லை.

“போடும்மா, முடிச்சிடு” என்றார்.

மகன் வாங்கிய தேதிகளையும் விலைகளையும் ஏற்றி, வரியைக் கட்டி, ரிட்டர்னை அனுப்பினேன். சரிபார்க்க ஓடிபி வரும், போனைப் பாருங்கள் என்றேன். அவர் கையிலிருந்த மகனுடைய போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய போன் சட்டைப் பையில் டிங்கென்று ஒலித்து அடங்கியது.

“அந்த போன் இல்ல சார்,” என்றேன். “உங்களோடது.”